வெட்டிய எட்டு நொடி

அந்த அம்மாளின் பெயரைச் சொன்னால் கல்லூரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிவப்பு மை' என்றால் வாசலில் சைக்கிளுக்கு டோக்கன் கொடுப்பவர்கூட வழி காட்டிவிடுவார். வேதியியல் கட்டடத்தின் பின்பக்கம், முன்பு அமிலப் புட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறைதான் அவளுடைய வேலைவாய்ப்பு அறை. ஜன்னல் ஒன்று. இரும்பு அலமாரி ஒன்று. சுற்றும்போதெல்லாம் 'டக், டக்' என்று யாரோ நாக்கைத் தட்டுவதுபோல ஒலிக்கும் மின்விசிறி ஒன்று. புட்டிகள் போய்ப் பத்து வருடமாகியும், மழைநாளில் சுவரிலிருந்து லேசாக ஒரு புளித்த வாடை வரும். உள்ளே வருகிற மாணவர்கள் மூக்கைச் சுளித்தால், "வாசனை பழகிடும். உன் ரெஸ்யூமேதான் எனக்கு இன்னும் பழகல" என்பாள்.

கணினி ஆய்வகத்தில் வேலை பார்த்த 'ஒயர்' அவளிடம் முதலில் போனது ஒரு பிளக் பாயிண்டைச் சரிசெய்ய. எப்போதும் கழுத்தில் ஒரு கம்பிச் சுருள் கிடக்கும் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் காதில் அவள் பேசுவது விழுந்தது. எதிரே ஒரு மாணவன் நின்றிருந்தான்.

"'விழாக் குழுவில் பொறுப்பு வகித்தேன்.' சரி. பொறுப்பு உனக்கு யாரோ குடுத்தது. நீ செஞ்சது எங்கே?"

"அதான் மேடம், பொறுப்பா இருந்தேன்."

"எங்க வீட்டு வாசல்ல ஒரு தூண் இருக்கு. அதுவும் முப்பது வருஷமா பொறுப்பாத்தான் இருக்கு. அதுக்கு வேலை போட்டுக் கொடுக்கலாமா?"

ஒயருக்குச் சிரிப்பு வந்து ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது. சிவப்பு மை திரும்பிப் பார்த்து, "தம்பி, அதைத் தேடி எடுக்கிற வரைக்கும் போகக்கூடாது" என்றாள். அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவன் அந்த அறைக்குப் போய்வந்தான்.

கல்லூரிக்கு வருமுன் அவள் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ரெஸ்யூமே படிக்கிற வேலை பார்த்தவள். ஒரு நாளைக்கு இருநூறு. அதில் நூற்றெண்பதை ஒதுக்க வேண்டும். "ஒதுக்கினதுல பாதிப் பேர் நல்ல பிள்ளைங்கதான் தம்பி. எழுதத் தெரியல, அவ்வளவுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்து தள்ளி விடறதுக்கு, இந்தப் பக்கம் வந்து தூக்கி விடலாமேன்னு வந்துட்டேன்" என்று ஒருமுறை சொன்னாள். இதைச் சொல்லும்போது அவன் கொண்டுவந்த பிஸ்கட் பொட்டலத்தில் கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் பிஸ்கட்டை எடுப்பதில் அவளுக்குக் கூச்சமே கிடையாது. கோபமும் சட்டென்று வரும். படித்துக்கொண்டிருக்கும்போது கைப்பேசி அடித்தால், யாருடையதாக இருந்தாலும் எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள்.

அவளிடம் கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. மாணவர்கள் கொண்டுவரும் சப்பை வரிகளைப் பெயரில்லாமல் அதில் எழுதி வைப்பாள். பக்கத்திலேயே சிவப்பு மையில் அந்த வரிக்கு அவள் கேட்ட மூன்று கேள்விகள்: என்ன செய்தாய்? எவ்வளவு? அதனால் என்ன மாறியது? பதில் கிடைத்த பிறகு பிறந்த வரியைக் கீழே எழுதுவாள். பதில் கிடைக்காத இடங்கள் காலியாகவே இருக்கும். "எண் இல்லன்னா இல்லன்னு விட்டுடணும். எல்லாத்தையும் எண்ண முடியாது. இல்லாத எண்ணைப் போட்டா அது ரெஸ்யூமே இல்ல, கதை" என்பாள்.

குறுங்காணொளி எடுக்கும் யோசனை ஒயருடையது. வருடத்துக்கு நானூறு பேர் அவள் முன்னால் நின்று அதே தூண் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒரு நிமிஷத்துல சொல்லிப் போட்டுடலாம் மேடம். ஒரு சப்பை வரி, ஒரு நல்ல வரி. அவ்வளவுதான்."

"என் மூஞ்சி ஒரு நிமிஷம் பார்க்கிற மூஞ்சியா?"

"வரியைத்தான் பார்ப்பாங்க மேடம்."

"அடப்பாவி, பொய்யாவாவது ஒண்ணு சொல்லக்கூடாதா?"

என்றாலும் அடுத்த வாரம் இஸ்திரி போட்ட புடவையோடு வந்து உட்கார்ந்தாள்.

எந்த வரியை எடுப்பது என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை. அந்த வாரம்தான் இறுதியாண்டுப் பெண் ஒருத்தி ரெஸ்யூமே கொண்டுவந்திருந்தாள். நூலகத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்தவள். அதிகம் பேசமாட்டாள், தலையைக் குனிந்தபடியே நிற்பாள். அவள் எழுதியிருந்த வரி: 'கல்லூரி நூலகப் பணியில் உதவியாக இருந்தேன்.'

"உதவின்னா? நாற்காலியைத் துடைச்சியா?"

"இல்ல மேடம். புத்தகங்க இடம் மாறி இருந்துச்சு. எடுத்து அதுஅது இடத்துல வச்சேன்."

"எத்தனை?"

பெண் கைப்பையிலிருந்து ஒரு சிறிய குறிப்பேட்டை எடுத்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை புத்தகம் என்று பென்சிலால் எழுதியிருந்தாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது.

சிவப்பு மை கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்ததை ஒயர் இன்றும் மறக்கவில்லை. சந்தையில் பேரம் பேசப் போன இடத்தில் யாரோ தங்கத்தை எடுத்து நீட்டியதுபோல ஒரு பார்வை. அன்று பிறந்த வரி இது:

'நூலகத்தில் இடம் மாறியிருந்த 1,140 புத்தகங்களை இரண்டு மாதத்தில் சரிபார்த்து அடுக்கினேன். புத்தகம் கிடைக்கவில்லை என்ற புகார்கள் வாரத்துக்கு 30-லிருந்து 6 ஆகக் குறைந்தன.'

"அம்மாடி, இதை வீடியோல காட்டலாமா? உன் பேர் வராது" என்று கேட்டாள். பெண் வெட்கத்தோடு தலையாட்டினாள். போகும்போது வாசலில் நின்று, "பேர் வந்தாலும் பரவாயில்ல மேடம்" என்றாள்.

படம் எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்தவேண்டியிருந்தது. 'டக், டக்' முழுவதும் புடவையில் மாட்டிய மைக்கில் விழுந்தது. வெயில் காலம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து அவள் பேசினாள், நெற்றியில் வியர்வை அரும்பியது. ஐந்தாவது முறைதான் சரியாக வந்தது. முதலில் சப்பை வரி. அதன்மேல் சிவப்புக் கோடு. பிறகு மூன்று கேள்விகள். பிறகு நல்ல வரி.

வீட்டுக்குப் போய் ஒயர் அதை வெட்டி ஒட்டினான். அந்தக் காலத்தில் அறுபது நொடிக்கு மேல் போனால் குறுங்காணொளியாக ஏறாது. அவள் பேச்சு எழுபத்தைந்து இருந்தது. மூச்சு வாங்கும் இடங்களை நறுக்கினான், 'வந்து', 'அதாவது' எல்லாவற்றையும் எடுத்தான். அறுபத்தாறுக்கு வந்தது. வேகத்தைக் கூட்டிப் பார்த்தான். குரல் எலிக்குஞ்சுபோலக் கீச்சிட்டது, விட்டுவிட்டான். இன்னும் ஆறு நொடி போகவேண்டும். நல்ல வரி திரையில் பச்சை எழுத்தில் தெரிந்ததும் மனசுக்கு ஒரு நிறைவு வந்தது. அங்கேயே முடிந்தால் அழகு என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவள் சொன்ன எட்டு நொடியை வெட்டினான். ஐம்பத்தெட்டு. கச்சிதம்.

மறுநாள் வராந்தாவில் அவளை மறித்துக் கைப்பேசியைக் காட்டினான். பரீட்சைத் தாள் கட்டு ஒரு கையில், டீ ஒரு கையில். நடந்துகொண்டே பார்த்தவள், "நல்லா இருக்கு, போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் வாரம் முந்நூறு பேர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் என்ன காற்று அடித்ததோ, ஒரே நாளில் நாற்பதாயிரம். மாதக் கடைசியில் நான்கு லட்சம். முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து கைதட்டினார். கேண்டீன்காரர் ஒயரிடம் டீக்குக் காசு வாங்க மறுத்தார். பின்னூட்டங்களைப் படித்துக் காட்டச் சொல்லி சிவப்பு மை சிரிப்பாள். ஒருவன், 'மேடம், நான் மீன் வளர்ப்பு படித்தேன், எனக்கு இந்த வரி பொருந்துமா?' என்று கேட்டிருந்தான்.

"மீன் எதுக்குத் தம்பி நூலகத்துக்குப் போகுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கேள்வியிலேயே எச்சரிக்கைச் சங்கு ஊதிவிட்டது என்பது இரண்டு பேருக்கும் அப்போது புரியவில்லை.

ஒவ்வொரு வருடமும் கல்லூரிக்கு வந்து ஆள் எடுக்கிற நிறுவனங்களில் ஒரு பார்சல் நிறுவனம் இருந்தது. ஊருக்கு வெளியே பெரிய கிடங்கு. அதில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் பயிற்சியாளர் வேலை. நூலகப் பெண் அதற்காகவே காத்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. வெளியூர் வேலைக்குப் போக வழியில்லை. வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய வேலை அந்தப் பட்டியலில் இது ஒன்றுதான். அதுவரை எல்லா ரெஸ்யூமேயும் சிவப்பு மையின் கைவழியாகத்தான் நிறுவனங்களுக்குப் போகும். அந்த வருடம் பார்சல் நிறுவனம் புதிதாக இணையதளம் திறந்து, மாணவர்களே நேரடியாக ஏற்றலாம் என்று சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அறைத் தொலைபேசி அடித்தது. ஒயர் அப்போது பிரிண்டரைத் திறந்து வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு மை ஸ்பீக்கரைத் தட்டினாள். பார்சல் நிறுவனத்தின் தேர்வு அதிகாரி.

"மேடம், உங்க லைப்ரரியில மொத்தம் எத்தனை புத்தகம் இருக்கு?"

"ஒன்பதாயிரம் இருக்கும் சார். ஏன்?"

"அப்படியா? உங்க காலேஜ்லேருந்து முப்பத்தோரு பேர் அப்ளை பண்ணியிருக்காங்க. அதுல பதினாலு பேர் ஆளுக்கு ஆயிரத்து நூத்து நாற்பது புத்தகத்தை அடுக்கியிருக்காங்க. கணக்குப் போட்டுப் பாத்தேன். பதினஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. இருக்கிறதே ஒன்பதாயிரம், இடம் மாறினது பதினாறாயிரமா?"

சிவப்பு மை பேனாவை மூடி வைத்தாள். அவர் பேசிக்கொண்டே போனார். "எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் அந்த வீடியோவைப் பார்த்திருக்கார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ரொம்ப வருஷமா உங்க காலேஜை மதிப்பா வச்சிருக்கோம் மேடம். யார் இந்த வீடியோ பண்ணது? காப்பி அடிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ஒயரின் கையில் பிரிண்டர் மூடி அப்படியே நின்றது. அந்த எட்டு நொடியில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அவன் வாயைத் திறந்தான்.

சிவப்பு மை அவனைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள். "நான்தான் சார். பேசினதும் நான், பார்த்துச் சரின்னு சொன்னதும் நான்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்? பதினாலையும் தள்ளிட்டேன்."

"பதினாலுல ஒண்ணு நிஜம் சார்."

"எது?"

"சொல்ல மாட்டேன். சொன்னா சிபாரிசு ஆயிடும். நீங்களே கண்டுபிடிங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் போன்ல குடுங்க. ஒரே ஒரு கேள்வி. எந்தப் புத்தகங்க அதிகமா இடம் மாறியிருந்தது, ஏன்னு கேளுங்க. அடுக்கினவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"பதினாலு பேருக்கு அரை மணி நேரம் செலவழிக்கவா மேடம்?"

"தப்பான ஆளை எடுத்து மூணு மாசம் கழிச்சு மாத்தறதுக்கு எவ்வளவு செலவழிப்பீங்க சார்? உங்களுக்கு வேண்டியது சரக்கு இடம் மாறினா கண்டுபிடிக்கிற ஆள். அந்த ஆள் உங்க குப்பைக் கூடையில கிடக்கு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "நாளைக்கு மூணு மணி. உங்க ரூம்லயே எல்லாரையும் வரிசையா நிறுத்துங்க. கேள்வி என்னன்னு யாருக்கும் தெரியக்கூடாது."

"தெரியாது சார்."

போனை வைத்ததும் ஒயர் சொன்னான்: "மேடம், வெட்டினது நான். எதுக்கு நீங்க..."

"நீங்க வெட்டினீங்க. நான் டீ குடிச்சுக்கிட்டே பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதான். பிரிண்டரை மூடுங்க, தூசி போகுது."

அன்று அவன் வைத்த பிஸ்கட்டை அவள் தொடவில்லை.

மறுநாள் மதியம் ஒயர் நூலகத்துக்குப் போனான். போகும் காரணம் தனக்கே தெரியாததுபோல் நடந்தான். அந்தப் பெண் கடைசி வரிசையில் ஏணிமேல் உட்கார்ந்து புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது.

"ஒயர் அண்ணா, என் வரியை நான் போட்டது தப்பா?"

"தப்பில்லம்மா."

"வகுப்புல சிரிக்கிறாங்க. 'நீயும் வீடியோ பார்த்துத்தானே போட்டே'ன்னு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல." ஏணியிலிருந்து இறங்கினாள். "மூணு மணிக்கு என்ன கேப்பாங்கண்ணா? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் நெஞ்சில் இருக்கிற கல் இறங்கிவிடும். அவள்தானே உண்மையானவள், இதில் என்ன தப்பு என்று மனசு நியாயம் பேசியது. அதே நேரம், 'தெரியாது சார்' என்று சிவப்பு மை போனில் சொன்ன குரலும் காதில் நின்றது. அவள் சொன்ன ஒரு வார்த்தையை ஏற்கெனவே வெட்டியாயிற்று. இன்னொன்றையும் வெட்டவேண்டுமா?

"நீ செஞ்சதைத்தான் கேப்பாங்கம்மா. வேற எதுவும் கேக்க முடியாது" என்றான். சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே வந்துவிட்டான்.

மூன்று மணிக்கு வராந்தாவில் பதினாலு பேர். மருத்துவமனையில் ஊசிக்கு நிற்பதுபோல் நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த தொலைபேசியிடம் பேசிவிட்டு, பின்பக்கக் கதவு வழியாகப் போனார்கள். சிவப்பு மை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஒயர் கதவைத் திறந்து மூடுகிற வேலை.

முதல் பையன் தைரியசாலி. "எந்தப் புத்தகமா சார்? எல்லாப் புத்தகமும்தான் சார். பசங்க எடுத்தா எங்க சார் திருப்பி வைக்கிறாங்க?"

"ஏன் இடம் மாறிச்சு?"

"ஒழுக்கம் இல்ல சார்."

அடுத்தவன், "தடியான புத்தகம் சார்" என்றான். "எந்தத் துறை?" என்றதும், "தடியான துறை சார்" என்று உளறினான். ஜன்னல் பக்கம் சிவப்பு மையின் தோள் குலுங்கியது. சிரிப்பா, எரிச்சலா என்று ஒயருக்குப் பிடிபடவில்லை. ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள்: "சார், நான் நூலகத்துல வேலையே பார்க்கல. வரி நல்லா இருந்துச்சு, போட்டுட்டேன். மன்னிச்சிருங்க." அதிகாரி, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றிம்மா. நீங்க போகலாம்" என்றார்.

பதினோராவதாக நூலகப் பெண் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கேள்வி வந்ததும், அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"முதுகுல லேபிள் உரிஞ்ச புத்தகங்கதான் சார். வணிகவியல் அலமாரி ஜன்னல்கிட்ட இருக்கு. மத்தியான வெயில் பட்டு பசை காஞ்சு லேபிள் விழுந்துடும். எண் இல்லாததால பசங்க அட்டை நிறத்தைப் பார்த்து வைப்பாங்க. நீல அட்டையெல்லாம் இயற்பியல்ல இருக்கும். நானூறுக்கு மேல அப்படித்தான் இருந்துச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அடுக்கி வச்சா ரெண்டு வாரத்துல திரும்ப விழுந்துச்சு சார். அப்புறம் நூலகர்கிட்ட கேட்டு, லேபிள் மேல ஒளிபுகும் டேப் ஒட்டினேன். அலமாரியை ஜன்னலைவிட்டுத் திருப்பிப் போட்டோம்."

"புகார் முப்பதிலேருந்து ஆறாக் குறைஞ்சதுன்னு போட்டிருக்கீங்க. அதை எப்படிக் கணக்குப் பண்ணீங்க?"

"கவுண்ட்டர்ல புகார் நோட்டு இருக்கு சார். நடுவுல பரீட்சை லீவு ரெண்டு வாரம், யாருமே வரல. அந்த ரெண்டு வாரத்தைச் சேர்த்தா இன்னும் குறைவா வரும். அது என் வேலையால குறைஞ்சது இல்லையே. அதனால அதை விட்டுட்டு எண்ணினேன்."

தொலைபேசி முதலில், 'ம்...' என்றது. பிறகு, "எங்க கிடங்குல ஒன்பதாவது வரிசையில ஒரு ஜன்னல் இருக்கும்மா. அங்கேயும் லேபிள் விழுது. ரெண்டு வருஷமா ஏன்னு தெரியாம ஆளுங்களைத் திட்டிக்கிட்டு இருக்கோம்" என்றது. "வியாழக்கிழமை நேர்காணலுக்கு வாங்க. அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துட்டு வாங்க."

பெண் பின்பக்கக் கதவு வழியாகப் போகவேண்டியவள், மறந்துபோய் முன்பக்கம் வழியாகவே ஓடினாள்.

மீதி மூன்று பேரும் முடிந்ததும் சிவப்பு மை மாட்டிக்கொண்ட பதின்மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டாள். நிற்க இடமில்லை. திட்டப்போகிறாள் என்று எல்லோரும் காதை மடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

"தடியான துறை, நீ முதல்ல வா. மூணு வருஷம் இங்க என்ன பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல மேடம்."

"சாயங்காலம் எங்க போவே?"

"அப்பா கடையில இருப்பேன் மேடம். சைக்கிள் கடை."

"அங்க?"

"பஞ்சர் ஒட்டுவேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

அவன் யோசித்தான். சிவப்பு மை பேனாவின் மூடியைத் திறந்தாள். அன்று சாயங்காலம் ஏழு மணி வரை அந்த அறையில் வெளிச்சம் இருந்தது. அவர்களில் யாருக்கும் பார்சல் நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நிறுவனத்துக்குப் போன பதின்மூன்று ரெஸ்யூமேயும் பதின்மூன்று விதமாக இருந்தன.

வியாழன் போய் வெள்ளி சாயங்காலம் நூலகப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்திருந்தது. அந்த அம்மாள் சிவப்பு மையின் முகத்துக்கு வெகு பக்கத்தில் வந்து கூர்ந்து பார்த்து, "வீடியோல பார்த்ததைவிட நீங்க சிவப்பு" என்றாள்.

"கேட்டீங்களா தம்பி?" என்றாள் சிவப்பு மை. "இதுவல்லவா பேச்சு!"

மறுநாள் முதல்வர் அறையில் ஒரு சின்ன யுத்தம். காணொளியை எடுத்துவிட வேண்டும் என்று சிவப்பு மை நின்றாள்.

"நாலு லட்சம் பேர் பார்த்திருக்காங்க! கீழே ஒரு குறிப்புப் போட்டா போதாதா?"

"குறிப்பை யார் சார் படிக்கிறாங்க? நாலு லட்சம் பேரையும் நம்ம லைப்ரரியில வேலை பார்க்க வச்சிட்டோம். நாளைக்கு வேற ஊர்ல வேற ஒரு நிஜமான பிள்ளை இதே மாதிரி மாட்டிக்கும்."

ஏற்றிய காணொளியில் புதிதாக எதையும் சேர்க்கமுடியாது, எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்றவேண்டும், பார்வைக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்கும் என்று ஒயர் விளக்கினான். முதல்வர் கடைசியில் கையை விரித்தார். ஒயர் தன் கையாலேயே அழித்தான். புதிதாக எடுத்ததில் முதல் வாக்கியமே, 'இந்த எண் எனக்கோ உனக்கோ சொந்தமில்லை, ஒரு பெண்ணுக்குச் சொந்தம்' என்று இருந்தது. அதை ஒன்பதாயிரம் பேர்தான் பார்த்தார்கள். "நம்ம லைப்ரரி புத்தகக் கணக்குதானே, போதும்" என்றாள் அவள்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம். போன மாதம், நாலு நாள் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தவள் திரும்பி வரவில்லை. மேஜையில் பேனா மூடி திறந்தபடி கிடந்தது. மை காய்ந்திருந்தது. ஒயர் அதை மூடி வைத்தான். பிறகு மறுபடியும் திறந்து பழையபடியே வைத்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு ஒரு காணொளி வேண்டும் என்று முதல்வர் கேட்டார். "ஒரு நிமிஷம் போதும். நிறையப் பேர் பேசறாங்க" என்றார். மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒயர் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினான். முதல் காணொளியின் வெட்டாத பிரதி அதில் இருந்தது. அறுபத்தாறு நொடியாக நறுக்குவதற்கும் முந்தியது, முழுசாக. அவன் அதைப் பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கூட்டத்தன்று அரங்கு நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் நூலகப் பெண் இருந்தாள். கிடங்கில் இப்போது ஒரு பகுதிக்கே மேற்பார்வையாளர். கொஞ்சம் தள்ளி, சைக்கிள் கடைப் பையன். திரையில் வெள்ளைச் சுவர் வந்தது, அவள் வந்தாள். நெற்றியில் வியர்வை. ஒயர் எதையும் வெட்டவில்லை. 'வந்து', 'அதாவது', மூச்சு வாங்குவது, எல்லாம் இருந்தது. ஒரு நிமிடம் தாண்டியதும் முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

பச்சை எழுத்து வரவேண்டிய இடத்துக்குப் பிறகு அவள் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த எண்ணை அப்படியே எடுத்துக்காதே கண்ணு. இது ஒரு பொண்ணு ரெண்டு மாசம் ஏணி ஏறி எண்ணினது. நீ எண்ணினது எது? அதைப் போடு."

மூன்றாவது வரிசையில் ஒரு தலை குனிந்தது. கொஞ்சம் தள்ளி இருந்த தலையும் குனிந்தது.

அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் படம் இன்னும் ஓடியது. அவள் கேமராவுக்கு இந்தப் பக்கம், ஒயர் நின்றிருந்த இடத்தைப் பார்த்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஆச்சா தம்பி? ஃபேனைப் போடுங்க. வெந்துட்டேன்."

அரங்கில் சிரிப்பு எழுந்தது. சுவரோரம் நின்றிருந்த கேண்டீன்காரர், மின்விசிறிகள் எல்லாம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பதை மறந்து, சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினார். திரையில் 'டக், டக்' என்று கேட்கத் தொடங்கியது.